சக்கரத்துக்குக் கிலோமீட்டர் கணக்கு, ஹீட்டருக்கு மணிக் கணக்கு

அமெரிக்காவின் மோட்டார் சங்கமான ஏஏஏ 2019-ல் ஐந்து மின்கார்களைக் குளிர் அறையில் நிறுத்தி, உருளைகள் மேல் ஓடவிட்டுப் பார்த்தது. பிஎம்டபிள்யூ ஐ3எஸ், செவர்லே போல்ட், நிஸான் லீஃப், டெஸ்லா மாடல் எஸ், ஃபோக்ஸ்வாகன் இ-கோல்ஃப் ஆகியவைதான் அந்த ஐந்து. அறையின் வெப்பநிலை ஏறக்குறைய மைனஸ் 7 டிகிரி. ஹீட்டரைப் போடாமல் ஓட்டியபோது, ஒரு சார்ஜில் போகக்கூடிய தூரம் சராசரியாக 12 சதவீதம் குறைந்தது. உள்ளே ஆள் உட்காரத் தகுந்த கதகதப்புக்கு ஹீட்டரைப் போட்டதும் இழப்பு 41 சதவீதமாக ஏறியது. தங்கள் கார் அவ்வளவு இழப்பதில்லை என்று டெஸ்லா மறுத்தது. சதவீதத்தைப் பற்றி வாதாட இடமிருக்கலாம். ஆனால் அந்த இரண்டு எண்களுக்கும் நடுவே இருக்கும் இடைவெளி கவனிக்க வேண்டியது. குளிரில் பேட்டரி மந்தமாகிறது, காற்று கனக்கிறது, டயர் இறுகுகிறது. இத்தனையும் சேர்ந்து தின்றது 12. மீதி முழுவதும் உள்ளே இருப்பவர்களுக்குக் குளிராமல் பார்த்துக்கொண்டதற்கான செலவு.

பெட்ரோல் கார் ஓட்டியவர்களுக்கு இது விசித்திரமாகத் தோன்றும். அந்தக் காரிலும் ஹீட்டர் உண்டு. டொரன்டோவில் ஜனவரி முழுக்க அதைப் போட்டுக்கொண்டே ஓட்டுவார்கள், பெட்ரோல் முள் அதனால் இறங்கியதாக யாரும் குறைப்பட்டதில்லை. காரணம், அது உண்மையில் இலவசம். நெடுஞ்சாலையில் நூறு கிலோமீட்டருக்கு 7 லிட்டர் பெட்ரோல் குடிக்கும் காரை எடுத்துக்கொள்வோம். ஒரு லிட்டர் பெட்ரோலில் ஏறக்குறைய 9 யூனிட் ஆற்றல் இருக்கிறது. நம் வீட்டு மின்கட்டணத்தில் வரும் அதே யூனிட்தான், ஒரு கிலோவாட் ஒரு மணி நேரம். ஆக, 7 லிட்டரில் 63 யூனிட். அதில் சக்கரத்துக்குப் போய்ச் சேருவது கால் பங்குக்குச் சற்று மேலே. மற்ற நாற்பத்துச் சொச்சம் யூனிட்டும் சூடாகப் புகைக்குழாய் வழியாகவும் ரேடியேட்டர் வழியாகவும் வெளியே போகிறது. என்ஜினைச் சுற்றி ஓடும் கூலண்ட் 90 டிகிரியில் கொதிக்காத குறையாக இருக்கும். அதில் ஒரு கிளையை டாஷ்போர்டுக்குள் திருப்பி, பின்னால் ஒரு விசிறி வைத்தால் அதுவே ஹீட்டர். எப்படியும் கொட்டப்போகிற வெப்பத்தில் ஒரு கை அள்ளிக்கொள்வதுதான்.

அப்படி வீணாகும் சூடு மின்காரில் இல்லை. மோட்டாரும் அதை இயக்கும் மின்னணுவும் சேர்ந்து பத்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான் சூடாக இழக்கின்றன. நூறு கிலோமீட்டருக்கு 20 யூனிட் செலவானால் இரண்டு யூனிட் தேறலாம். அதுவும் இளஞ்சூடான கூலண்டாக வரும், தொட்டால் கை சுடாது. அதை வைத்து மைனஸ் 7-ல் நிற்கும் கண்ணாடியின் பனியை உருக்க முடியாது. மின்கார் சிக்கனமாக இருப்பதால்தான் அதன் ஹீட்டருக்குத் தனியாகச் செலவு எழுத வேண்டியிருக்கிறது. இந்தச் சங்கடம் கார் கம்பெனிகளுக்கு முன்பே தெரியும். வோல்வோ 2011-ல் சி30 மின்காரைக் கொண்டுவந்தபோது, உள்ளே எத்தனால் எரிக்கும் ஹீட்டர் ஒன்றை வைத்தது. ஐரோப்பாவின் குளிர் நகரங்களில் ஓடும் மின்பேருந்துகள் பலவற்றில் இன்றும் டீசல் ஹீட்டர் இருக்கிறது. புகையில்லாப் பேருந்து என்று பக்கவாட்டில் எழுதியிருக்கும், கூரையில் சிறு புகை போகும். கேலி செய்யலாம், ஆனால் அதன் பின்னால் இருக்கும் கணக்கு நேர்மையானது.

அந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். வெளியே மைனஸ் 7, உள்ளே 20 டிகிரி வேண்டும். வித்தியாசம் 27 டிகிரி. காருக்குள் அடைபட்டிருக்கும் காற்று மூன்று நான்கு கிலோதான். அதைச் சூடாக்க ஆகும் செலவு ஒன்றுமேயில்லை எனலாம். செலவு வேறு இரண்டு இடங்களில் இருக்கிறது. முதலாவது கண்ணாடியும் தகடும். காரின் சுவரில் பெரும்பகுதி மெல்லிய கண்ணாடி, மற்றது மெல்லிய இரும்பு. உள்ளே ஊட்டும் சூடு அதன் வழியே ஓயாமல் கசியும். இரண்டாவது, புதுக் காற்று. உள்ளிருப்பவர்களின் மூச்சில் நீராவி இருக்கிறது. உள்காற்றையே சுற்றவிட்டால் ஐந்து நிமிடத்தில் கண்ணாடி மூடுபனியாகிவிடும், ஓட்டுபவருக்குப் பாதை தெரியாது. அதனால் வெளியிலிருந்து குளிர்ந்த உலர்ந்த காற்றை இழுத்துச் சூடாக்கி உள்ளே விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். சூடாக்கிய காற்று பின்பக்கத் துவாரங்கள் வழியே வெளியே போய்க்கொண்டே இருக்கும். மணிக்கு 150 கன மீட்டர் என்று வைத்தால் இதற்கு மட்டும் ஒன்றரை கிலோவாட். கண்ணாடி வழிக் கசிவும் கிட்டத்தட்ட அதே அளவு. மொத்தம் 3 கிலோவாட். நடுத்தர அளவுக் காருக்கு இது நியாயமான கணக்கு. கிளம்பும்போது இருக்கை, டாஷ்போர்டு, கண்ணாடி எல்லாம் உறைந்து கிடப்பதால் முதல் பத்துப் பதினைந்து நிமிடம் 5, 6 கிலோவாட் வரை இழுக்கும்.

இப்போது காரை ஓட்டுவோம். பேட்டரியில் பயன்படுத்தக்கூடியது 60 யூனிட். ஸ்கார்பரோவிலிருந்து 401 நெடுஞ்சாலையில் கிங்ஸ்டன் பக்கம் 100 கிலோமீட்டர் வேகத்தில் போகிறீர்கள். இந்தக் குளிரில் ஓட்டத்துக்கு மட்டும் மணிக்கு 20 யூனிட் ஆகிறது என்று வைப்போம். ஹீட்டர் இல்லாவிட்டால் 3 மணி நேரம், 300 கிலோமீட்டர். ஹீட்டர் மணிக்கு 3 யூனிட் கேட்டால், மொத்தம் 23. தூரம் 261 கிலோமீட்டராகக் குறைகிறது. இழப்பு 13 சதவீதம். வருத்தம்தான், ஆனால் தாங்கலாம்.

அதே கார், அதே குளிர், ஆனால் நகருக்குள் நெரிசலில் மணிக்குச் சராசரி 30 கிலோமீட்டர். மெதுவாகப் போவதால் காற்றின் தடை குறைவு. நூறு கிலோமீட்டருக்கு 14 யூனிட் போதும், அதாவது மணிக்கு 4.2 யூனிட். ஹீட்டர் இல்லாமல் ஏறக்குறைய 430 கிலோமீட்டர் போகலாம். ஆனால் ஹீட்டருக்கு நீங்கள் மெதுவாகப் போவது தெரியாது. அது மணிக்கு 3 யூனிட்டை வாங்கிக்கொண்டே இருக்கும். மொத்தம் 7.2. தூரம் 250 கிலோமீட்டர். இழப்பு 42 சதவீதம்.

கார் தூரத்துக்குச் செலவழிக்கிறது, ஹீட்டர் நேரத்துக்குச் செலவழிக்கிறது. இதைப் பிடித்துக்கொண்டால், குளிர்நாட்டு மின்கார்க்காரர்களிடம் கேட்கும் முரணான புகார்கள் எல்லாம் ஒன்றோடொன்று பொருந்திவிடும். நெடுந்தூரம் போனவர் பெரிய வித்தியாசம் இல்லை என்பார். பிள்ளைகளைப் பள்ளியில் விட்டு, கடைக்குப் போய், மறுபடி வீட்டுக்கு வந்தவர் பாதி சார்ஜ் போய்விட்டது என்பார். இருவரும் பொய் சொல்லவில்லை. கடைக்காரரின் கதை இன்னும் மோசம். நிறுத்தும் ஒவ்வொரு முறையும் கார் திரும்ப உறைகிறது; அந்த முதல் பதினைந்து நிமிட 6 கிலோவாட் மறுபடி ஆரம்பத்திலிருந்து. பத்து கிலோமீட்டர் ஓட்டத்துக்கு ஒன்றரை யூனிட் போதுமென்றால், அதே அளவை ஹீட்டரும் தின்றிருக்கும்.

இதுவரை சொன்னது கம்பிச்சுருள் வகை ஹீட்டரை மனத்தில் வைத்து. மின்சாரத்தைத் தடுக்கும் பொருளின் வழியே செலுத்தினால் அது சூடாகும். கெய்சரும் இஸ்திரிப் பெட்டியும் இதே குடும்பம்தான். காரில் கம்பிக்குப் பதில் பெரும்பாலும் பேரியம் டைட்டனேட் என்ற பீங்கான் வில்லைகள் இருக்கும். பிடிசி என்பார்கள். சூடு ஏற ஏற இதன் தடையும் ஏறும், அதனால் தானாகவே மின்சாரத்தைக் குறைத்துக்கொள்ளும். விசிறி நின்றுபோனாலும் தீப்பிடிக்காது என்பதால் வாகனத்துக்கு உகந்தது. மலிவு, அசையும் பாகம் இல்லை, சுவிட்சைப் போட்ட சில விநாடியில் சூடு. மைனஸ் 30-லும் அதே சூடு. செயல்திறனும் நூறு சதவீதம்: ஒரு யூனிட் மின்சாரம் கொடுத்தால் ஒரு யூனிட் வெப்பம், ஒரு துளி வீணில்லை. எந்தப் பொறியாளரும் இதை மேலும் மேம்படுத்த முடியாது என்பதே இதன் குறை.

நூறு சதவீதத்தைத் தாண்டுவது எப்படி? வெப்பத்தை உண்டாக்காமல், இருக்கிற இடத்திலிருந்து எடுத்துவருவதுதான் வழி. வீட்டு ஏசியின் வெளிப்பெட்டிக்கு முன்னால் மே மாதத்தில் நின்றவர்களுக்கு இது புதிதல்ல. அதிலிருந்து வீசும் அனல், அறைக்குள்ளிருந்து அள்ளி வெளியே கொட்டப்பட்ட சூடு. அந்தப் பெட்டியை அறைக்குள்ளும், குளிரும் பாகத்தைத் தெருவிலும் வைத்தால் அறை சூடாகும், தெரு குளிரும். ஹீட் பம்ப் என்பது அவ்வளவே. காரில் பெட்டிகளை இடம் மாற்றுவதில்லை. வால்வுகள் திசையை மாற்றுகின்றன.

மைனஸ் 7 டிகிரி காற்றில் அள்ளுவதற்கு என்ன சூடு இருக்கிறது என்று கேட்கலாம். நமக்குக் குளிர்கிறது என்பது நம் உடம்பின் அபிப்பிராயம். வெப்பம் முற்றிலும் தீர்ந்துபோவது மைனஸ் 273-ல். அங்கிருந்து பார்த்தால் மைனஸ் 7 என்பது நல்ல சூடு. அதைவிடக் குளிர்ந்த ஒன்றைப் பக்கத்தில் வைத்தால் வெப்பம் தானாக அதற்குள் இறங்கும். ஹீட் பம்ப் செய்வது இதைத்தான். குழாய்க்குள் ஓடும் குளிர்பதனத் திரவத்தின் அழுத்தத்தை ஒரு குறுகிய வால்வு சட்டென்று இறக்குகிறது. அழுத்தம் இறங்கியதும் அது மைனஸ் 15 வாக்கில் கொதிக்கத் தொடங்குகிறது. காரின் முன்புறச் சுருளில் அது கொதிக்கும்போது, அதைவிடச் 'சூடான' மைனஸ் 7 காற்று அதற்குத் தன் வெப்பத்தைக் கொடுக்கிறது. பிறகு கம்ப்ரசர் அந்த ஆவியை நெரிக்கிறது. நெரிக்க நெரிக்கச் சூடேறி 50 டிகிரிக்கு மேலே போகிறது. டாஷ்போர்டுக்குள் இருக்கும் சுருளில் அது மறுபடி திரவமாகி, அள்ளிவந்த வெப்பத்தையும், கம்ப்ரசர் ஊட்டிய ஆற்றலையும் சேர்த்து உள்காற்றுக்குக் கொடுத்துவிடுகிறது.

நீங்கள் காசு கொடுப்பது கம்ப்ரசர் ஓடிய மின்சாரத்துக்கு மட்டும். மைனஸ் 7 வாக்கில் நல்ல ஹீட் பம்ப் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஏறக்குறைய இரண்டு யூனிட் வெப்பம் தரும். நம் கணக்கில் 3 கிலோவாட் சூட்டுக்கு 1.5 கிலோவாட் மின்சாரம். மீதி ஒன்றரை தெருக் காற்றின் உபயம். நெடுஞ்சாலையில் 261 என்றிருந்தது 279 கிலோமீட்டராகிறது. நெரிசலில் 250 என்றிருந்தது 316 ஆகிறது. பலன் எங்கே அதிகம் என்று பாருங்கள்: ஹீட்டர் எங்கே அதிகம் தின்றதோ அங்கேதான்.

நிஸான் லீஃப் 2010-ல் வந்தபோது அதில் கூலண்டைச் சூடாக்கும் மின் ஹீட்டர்தான் இருந்தது. குளிர் ஊர்களிலிருந்து வந்த முணுமுணுப்புக்குப் பிறகு, 2013 மாடலில் ஹீட் பம்ப் சேர்ந்தது. டெஸ்லா 2020-ல் மாடல் ஒய் காரில்தான் முதலில் அதைக் கொண்டுவந்தது, ஆனால் துணிச்சலாக. மற்ற கம்பெனிகள் பெரும்பாலும் ஹீட் பம்ப்போடு பிடிசியையும் ஒத்தாசைக்கு வைத்திருக்கும். டெஸ்லா அந்தப் பெரிய ஹீட்டரையே எடுத்துவிட்டது. மோட்டாரின் வீண் சூடு, பேட்டரியின் சூடு, வெளிக்காற்று மூன்றையும் எட்டு வழி வால்வு ஒன்றால் இணைத்து, எங்கே வெப்பம் மிச்சமோ அங்கிருந்து எடுக்கும்படி செய்தது. முன்பு சொன்ன அந்த இளஞ்சூட்டுக் கூலண்ட் இங்கே பயனுக்கு வருகிறது: நேராகக் கண்ணாடியை உருக்க முடியாத சூட்டை ஹீட் பம்ப் தூக்கி நிறுத்திவிடும். வெளியே கடுங்குளிராகி அள்ள ஒன்றும் இல்லாவிட்டால், கம்ப்ரசரையே வேண்டுமென்று திறமைக் குறைவாக ஓட்டி அதைச் சாதாரண ஹீட்டராக்கிக்கொள்ளும்.

அந்தக் கடுங்குளிர்தான் ஹீட் பம்பின் பலவீனம். வெளியே குளிரக் குளிர, திரவம் இன்னும் தாழ்ந்த வெப்பநிலையில் கொதித்தாக வேண்டும், அழுத்தம் இறங்கும், ஆவி மெலியும். கம்ப்ரசரின் ஒவ்வொரு சுற்றிலும் கடந்துபோகும் ஆவி குறையும். அதே நேரம், உள்ளே தேவைப்படும் சூடோ கூடிக்கொண்டே போகிறது. தேவை உச்சத்தில் இருக்கும்போது கை சுருங்கும் உதவி. பிளஸ் 5-ல் ஒன்றுக்கு மூன்று தரும் இயந்திரம் மைனஸ் 20-ல் ஒன்றுக்கு ஒன்றேகால், ஒன்றரைக்கு வந்துவிடும். இப்போதைய கார்களில் பரவலாக இருக்கும் ஆர்-1234ஒய்எஃப் திரவம் சாதாரண அழுத்தத்தில் கொதிப்பதே மைனஸ் 29 வாக்கில்தான்; அந்தக் குளிரை நெருங்கினால் அதனால் ஆவதற்கு ஒன்றுமில்லை. ஃபோக்ஸ்வாகன் தன் ஐடி வரிசைக் கார்களின் ஹீட் பம்ப்புக்குக் கார்பன் டை ஆக்சைடை எடுத்துக்கொண்டது இதனால்தான். அது கடுங்குளிரிலும் வேலை செய்யும். ஆனால் குழாய்கள் நூறு மடங்கு வளியழுத்தத்தைத் தாங்க வேண்டும்.

இன்னொரு தொல்லை, கடுங்குளிரில் இல்லாமல் நடுத்தரக் குளிரில் வருவது. பூஜ்ஜியத்தை ஒட்டிய ஈரமான நாளில், முன்புறச் சுருளில் காற்றின் ஈரம் உறைந்து அப்பிக்கொள்ளும். பனி மூடிய சுருளின் வழியே காற்று போகாது. அப்போது இயந்திரம் சற்று நேரம் திசையைத் திருப்பிச் சுருளைச் சூடாக்கி உருக்கும். சார்ஜ் போடும் இடத்தில் நிற்கும் காரின் முன்னாலிருந்து வெண்புகை குபுகுபுவென்று கிளம்புவதைப் பார்த்து, தீப்பிடித்துவிட்டதென்று பதறியவர்கள் உண்டு. அது வெறும் நீராவி.

பதற வேண்டிய பழுது சத்தமில்லாமல் வருகிறது. இரண்டு வகை ஹீட்டரும் உள்ள காரில், குழாயில் எங்கோ கசிந்து திரவம் குறைந்தாலோ வால்வு சிக்கிக்கொண்டாலோ, கார் பேசாமல் பிடிசிக்கு மாறிவிடும். உள்ளே கதகதப்புக்குக் குறைவிருக்காது. தூரம் மட்டும் குறையும், குளிர்காலம் என்று சமாதானம் சொல்லிக்கொள்வோம். கண்டுபிடிக்க ஒரு வழி, திரையில் ஹீட்டர் எவ்வளவு இழுக்கிறது என்று பார்ப்பது. பல கார்கள் அதைத் தனியாகக் காட்டும். அரை மணி நேரம் ஓடி, உள்ளே சூடேறிய பிறகும் பூஜ்ஜிய டிகிரி நாளில் 2 கிலோவாட்டுக்குக் குறையாவிட்டால் சந்தேகப்படலாம். கோடையில் அதே காரின் ஏசியும் சோம்பலாக இருந்ததா என்று நினைத்துப் பார்ப்பது இன்னொரு வழி. இரண்டுக்கும் ஓடுவது ஒரே திரவம். பிடிசி இல்லாத காரில் இந்தப் பழுது மறைந்திருக்க வழியில்லை. 2022 பிப்ரவரியில் டெஸ்லா அமெரிக்காவில் 26,681 கார்களைத் திரும்ப அழைத்தது. மென்பொருள் பிழையால் வால்வு ஒன்று தவறாகத் திறந்து, திரவம் ஒரே சுருளில் சிக்கிக்கொண்டது. கண்ணாடியின் பனி விலகவில்லை. மென்பொருளைத் திருத்தியே சரிசெய்தார்கள்.

சென்னையில் மின்கார் வைத்திருப்பவர், எங்கள் ஏசி மட்டும் ஏன் இப்படித் தின்பதில்லை என்று கேட்பார். வெளியே 35, உள்ளே 25 என்றால் வித்தியாசம் பத்து டிகிரிதான், டொரன்டோவின் 27 இல்லை. வெயில் கண்ணாடி வழியே கொட்டும் சூடு தனிக் கணக்கு, உண்மைதான். ஆனால் ஏசி பிறவியிலேயே ஹீட் பம்ப். ஒரு யூனிட் மின்சாரத்துக்கு இரண்டு மூன்று யூனிட் வெப்பத்தை வெளியே தள்ளும். அதே ஏஏஏ சோதனையில் 35 டிகிரியில் ஏசி போட்டு ஓட்டியபோது குறைந்தது 17 சதவீதம்தான்.

குளிர்நாட்டில் இருப்பவர் கார் வாங்கும்போது ஹீட் பம்ப்புக்குக் கூடுதல் பணம் கொடுக்கலாமா என்பது அடுத்த கேள்வி. ஐரோப்பாவில் சில கம்பெனிகள் அதற்கு ஆயிரம் யூரோ வாக்கில் தனியாக வாங்குகின்றன. மிச்சமாவது மணிக்கு ஒன்றரை யூனிட். தினம் ஒரு மணி நேரம், 120 நாள் குளிர்காலம் என்றால் 180 யூனிட். வீட்டில் சார்ஜ் போடுபவருக்கு யூனிட் 15 சென்ட் என்று வைத்தால், ஆண்டுக்கு 27 கனடிய டாலர். இந்தக் கணக்கில் பேரப்பிள்ளை காலத்தில்தான் முதல் திரும்பும். வீட்டில் சார்ஜ் போட்டு, தினம் முப்பது நாற்பது கிலோமீட்டர் ஓட்டுபவருக்கு அது தேவையே இல்லை என்பேன். காலையில் வயரைப் பிடுங்குவதற்கு முன்பே, வீட்டு மின்சாரத்தில் காரைச் சூடாக்கிக்கொண்டால் அந்த 6 கிலோவாட் ஆரம்பச் செலவு பேட்டரியைத் தொடாது. இருக்கைச் சூடு ஆளுக்கு 50 முதல் 75 வாட்தான். அதைப் போட்டுக்கொண்டு உள்வெப்பத்தை 20-லிருந்து 17-க்கு இறக்கினால், டிகிரிக்கு 100 வாட்டுக்குக் குறையாமல் மிச்சம். தெருவில் நிறுத்துபவர், வயர் போட இடமில்லாதவர், வேகச் சார்ஜருக்கு மூன்று நான்கு மடங்கு விலை கொடுப்பவர், நெரிசலில் மணிக்கணக்காக உட்காருபவர் ஆகியோரின் நிலை வேறு. அவர்கள் அந்த ஆயிரம் யூரோவைக் கொடுத்து வாங்குவது மின்கட்டணத்தில் மிச்சத்தை அல்ல. நெரிசலில் 250 கிலோமீட்டருக்கும் 316 கிலோமீட்டருக்கும் இடையே உள்ள அந்த 66 கிலோமீட்டரை.